ஆய்வுச் சுருக்கத்தைத் திருத்தி எழுதிய அனுபவம்

உ. வே. சாமிநாதையரின் பதிப்பு முன்னுரைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ், சுருக்கத்தை மட்டும் மாற்றி எழுதித் தருமாறு கேட்டுத் திருப்பி அனுப்பியது. நான் அனுப்பிய சுருக்கம் இது:

“இக்கட்டுரை உ. வே. சாமிநாதையரின் பதிப்பு முன்னுரைகளை ஆராய்கிறது. சுவடி சேகரிப்பு, சுவடி அளித்தோர், பாட வேறுபாடு ஆகியவை விவாதிக்கப்படுகின்றன. இறுதியில் சில முடிவுகள் முன்வைக்கப்படுகின்றன.”

இதில் எவரும் மறுக்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்பதே மதிப்பீட்டாளரின் குறிப்பு. ‘ஆராய்கிறது’, ‘விவாதிக்கப்படுகின்றன’ என்ற வினைகள் கட்டுரை என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றனவே தவிர, என்ன கண்டது என்பதைச் சொல்வதில்லை. பொருளடக்கத்தை வாக்கியமாக்கினாலும் இதே மூன்று வரிகள்தாம் கிடைக்கும்.

எனவே சுருக்கத்தைத் தொடாமல், கட்டுரையின் முடிவுரைக்குப் போய், ஒருவர் “அப்படியில்லை” என்று சொல்ல இடமுள்ள வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டேன். பல வாக்கியங்கள் விழுந்துவிட, சுவடி தந்தவர்களின் பெயர்ப்பட்டியல் நன்றியுரை மட்டுமன்று, பதிப்பின் நம்பகத்தன்மைக்கான சான்றும் ஆகும் என்ற ஒன்றே நின்றது. அதைச் சுருக்கத்தின் தொடக்கத்திலேயே வைத்தேன். எந்த வாசிப்பை அது மறுக்கிறது என்பதையும் அதனுடனேயே சேர்த்தேன். ஏனெனில் எதிர்நிலை தெரியாவிட்டால் வாதத்தின் கூர்மையும் தெரியாது.

இங்கே ஓர் ஆபத்தும் இருந்தது. வாதத்தை அழுத்திச் சொல்லும் வேகத்தில், “பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள்” என்று எழுதிவிட்டேன். கட்டுரையோ சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகிய மூன்று பதிப்புகளின் முன்னுரைகளை மட்டுமே பார்க்கிறது, சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் அதில் இல்லை. சுருக்கத்தின் எழுவாய்க்கு உரிய சான்று கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் இத்தகைய மிகைக்கூற்று உடனே பிடிபடும். இறுதியில் அனுப்பிய வடிவம்:

“உ. வே. சாமிநாதையர் தம் முன்னுரைகளில் சுவடி அளித்தோரின் பெயரையும் ஊரையும் குறிப்பிடுவதை நன்றியுரையாக மட்டும் வாசிப்பது போதாது. பதிப்பு எந்தெந்தப் பிரதிகளைச் சார்ந்தது என்பதை வாசகர் எடைபோடுவதற்கான சான்றாகவும் அது அமைகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. 1887, 1892, 1894 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பதிப்புகளின் முன்னுரைகளில், அப்பெயர்களைச் சுவடிகளின் சிதைவு, பாட வேறுபாடு பற்றிய குறிப்புகளோடு சேர்த்து வாசித்து இவ்வாதம் நிறுவப்படுகிறது.”

‘வாதிடுகிறது’ என்ற வினையும் கட்டுரையின் செயலைத்தான் குறிக்கிறது. ஆயினும் அதற்கு முன்னே முழுக் கருத்தும் வந்துவிடுவதால் அதை விட்டுவைத்தேன். சுருக்கம் மாறிய பின் கட்டுரையின் முன்னுரையையும் தொட வேண்டியிருந்தது. வாதம் அங்கே நான்காம் பத்தியில்தான் தலைகாட்டியது. அதை இரண்டாம் பத்திக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக அனுப்பினேன்.