பூஜ்யம் காட்டிய சென்சார், 27 லிட்டர் காட்டிய மீட்டர்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் தண்ணீர்க் கட்டணம் இரண்டு மாதமாகக் கூடிக்கொண்டே வந்தது. எங்கும் ஈரம் இல்லை, சொட்டும் சத்தமும் இல்லை. உரிமம் பெற்ற பிளம்பரை வைத்து, வீட்டுக்குள் வரும் குழாயில் நீரோட்டத்தை அளக்கும் YF-S201 சென்சாரைப் பொருத்தி ESP32 மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் இணைத்தேன். மூன்று இரவும் பதிவில் பூஜ்யம்தான்.

சென்சார் பழுதில்லை. அது 1 முதல் 30 லிட்டர்/நிமிடம் வரையிலான ஓட்டத்துக்கானது. அதற்குள் தண்ணீர் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அப்போதுதான் துடிப்பு வரும். சமையலறைக் குழாயை மெல்லத் திறந்து, ஒரு லிட்டர் பாட்டில் நிறைய மூன்று நிமிடம் ஆகும்படி வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்புகூட வரவில்லை. தண்ணீர் சக்கரத்தின் ஓரமாக நழுவிப் போய்விடுகிறது. நொடிக்கு வரும் துடிப்பு F, நிமிடத்துக்கு ஓடும் லிட்டர் Q என்று வைத்துச் சொல்லும் F = 7.5 × Q என்ற சூத்திரம் சக்கரம் சுற்றினால்தான் செல்லும். மெல்லிய கசிவைப் பிடிக்க இந்த வகைச் சென்சாரை நம்பக் கூடாது.

அப்புறம் வாசலுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் மீட்டருக்கே போனேன். எங்கள் மீட்டரில் சிவப்பு எண்கள் லிட்டரைக் காட்டும். அதன் எதிரே பழைய கைப்பேசியை வைத்து, பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்றையும் ஒட்டினேன். இரவு 11.30 முதல் காலை 5.30 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம். மீட்டரில் கை வைக்கவே இல்லை.

ஆறு மணி நேரத்தில் 31 லிட்டர் ஏறியிருந்தது. 3.10-க்கும் 3.20-க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 4 லிட்டர் தாவியது. அம்மா எழுந்து கழிப்பறைக்குப் போனதைச் சொன்னார், அதைக் கழித்தேன். மீதி 27 லிட்டர், அதாவது மணிக்கு நாலரை லிட்டர், நிமிடத்துக்கு 75 மில்லி. சென்சார் பார்க்கவே முடியாத அளவு. மாதத்துக்கு இது மூன்று கன மீட்டருக்கும் மேல், கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்றால் பத்து வெள்ளிக்கு மேல்.

மற்ற நேரமெல்லாம் எண் ஒரே சீராக ஏறியதுதான் அந்தத் தாவலைக் கசிவிலிருந்து பிரிக்க எனக்கு உதவியது. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு வால்வு சட்டென்று திறந்து நிரப்பும் வகையாக இருந்தால், எண் நின்று நின்று தாவியிருக்கும். எங்கள் தொட்டிகளில் மிதவை வால்வு, கசியும் அளவுக்கே மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் இரவு படுக்கையறைக் கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடினேன், எண் அதே மாதிரி ஏறியது. அதற்கடுத்த இரவு அதைத் திறந்துவிட்டுப் பொதுக் கழிப்பறையில் மூடினேன். எண் நகரவில்லை. காலையில் அந்தத் தொட்டியில் கேசரிப் பொடி கலந்து, ஃபிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விட்டேன். கிண்ணத்தில் ஆரஞ்சுக் கோடு இறங்கியிருந்தது.

ஃபிளஷ் வால்வின் அடியில் இருந்த ரப்பர் வாஷர் விறைத்துப்போயிருந்தது. அதே அளவு வாஷரை ஹார்ட்வேர் கடையில் வாங்கி மாற்றினேன். நேற்று இரவு 11.30-க்கும் காலை 5.30-க்கும் மீட்டரில் ஒரே எண்.