போஸ்ட்டை அழிப்பதற்கு முன் விளம்பரத்தை நிறுத்தினேன்

அத்தை வீட்டிலேயே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறார். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுவது என் பொறுப்பு. இந்த முறை அதிரசம் கிலோ 480 ரூபாய் என்று போட வேண்டிய இடத்தில் 380 என்று போட்டுவிட்டேன். கவனிக்காமல் அந்தப் போஸ்ட்டையே நாளுக்கு 300 ரூபாய் வீதம் கட்டண விளம்பரமாக ஓட்ட பூஸ்ட்டும் கொடுத்தாயிற்று. எத்தனை நாள் என்று கேட்ட இடத்தில், நானாக நிறுத்தும்வரை ஓடட்டும் என்று தேர்ந்தெடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அத்தை கூப்பிட்டார். "கண்ணு, எல்லாரும் 380-னு கேக்கறாங்க. அதை முதல்ல எடுத்துடு." அழிக்கப் போன கையை நிறுத்திவிட்டேன். காரணம், போஸ்ட் வேறு, அதை வைத்து ஓடும் விளம்பரம் வேறு. விளம்பரத்துக்கென்று தனி பட்ஜெட், தனிக் கணக்கு இருக்கிறது. போஸ்ட்டை முதலில் அழித்தால், அதன் அடியிலிருந்து விளம்பரத்துக்குப் போகும் வழி போய்விடும். செலவு நின்றதா என்று பார்க்க வேறெங்காவது தேட வேண்டும்.

அதனால் ப்ரொஃபைலில் Ad tools போய், ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தைத் திறந்து Pause கொடுத்தேன். அப்போது செலவு 847 ரூபாய். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 853 என்று காட்டியது. நிற்கவில்லையோ என்று பயந்தேன். ஆனால் நிறுத்துவதற்கு முன்பே காட்டப்பட்டவை கணக்கில் ஏறக் கொஞ்சம் தாமதமாகும். மறுநாள் காலையிலும் அதே 853. அதன் பிறகுதான் விளம்பரத்தை நீக்கினேன். Pause செய்ததைத் திரும்ப ஓட விடலாம், நீக்கியதை முடியாது. தப்பான விலையோடு அது மறுபடி ஓடவே கூடாது. கடைசியாகத்தான் போஸ்ட்டை அழித்தேன். ராத்திரியே அழித்திருக்கலாம்தான், ஆனால் அந்த எண் ஏறாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு மனசு வரவில்லை.

ஐந்து நாள் கழித்து வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: கார்டில் 1,006.54 ரூபாய் பிடித்தம். அத்தை பதறிவிட்டார். "அழிச்சாச்சுன்னு சொன்னியே கண்ணு?"

கார்டு வழியாகக் கட்டும்போது செலவான அன்றே பணம் எடுப்பதில்லை. ஒரு வரம்பைத் தொட்டதும், அல்லது மாதத்தின் பில் தேதியில் எடுப்பார்கள். 853-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 153.54, கூட்டினால் சரியாக 1,006.54. இருந்தாலும் Ads Manager-இல் Payment activity திறந்து ரசீதை எடுத்து அத்தையிடம் காட்டினேன். விளம்பரம் ஓடிய நாட்கள் அதில் இருந்தன. நிறுத்திய நாளுக்குப் பிந்தைய தேதி எதுவும் இல்லை. அப்படி ஒரு தேதி இருந்திருந்தால், அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் புகார் கொடுத்திருப்பேன்.

380-க்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அதே விலையில் கொடுத்துவிடலாம் என்றார் அத்தை. புதிய போஸ்ட்டை 480 என்று திருத்திப் போட்டு, இந்த முறை முடிவுத் தேதி வைத்து ஐந்து நாளுக்கு மட்டும் பூஸ்ட் கொடுத்திருக்கிறேன்.