சம்பள நாளும் 38.6 டிகிரியும்

எங்களிடம் திட்டம் இல்லாமல் இல்லை. மகளுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் அக்கா போய்க் கூட்டி வருவார், என் வேலையைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பார், மேலாளரிடம் நான் சொல்லிவிடுவேன். மூன்று வரி. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கூட வைத்திருந்தோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மூன்று வரியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலை வாரின.

காலை 11.10க்கு மழலையர் பள்ளியிலிருந்து போன். 38.6 டிகிரி காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்குள் வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். நான் கணக்குப் பிரிவில் சம்பளம் போடுகிறவன். அன்று சம்பள நாள். மூன்று மணிக்குள் வங்கிக்குக் கோப்பு போய்ச் சேரவேண்டும். மனைவி வேலை செய்யும் இடத்தில் வேலை முடியும்வரை போனைத் தொட முடியாது. சரி, அதற்குத்தானே திட்டம் என்று அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் பள்ளி வாசலில் நின்றார்.

குழந்தையைத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். சேர்க்கையின்போது கொடுத்த படிவத்தில், அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அக்காவின் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன், போனில் பேசினேன், கொஞ்சம் குரலும் உயர்த்தினேன். பெற்றோர் நேரில் கையெழுத்துப் போடாமல் புதுப் பெயர் சேர்க்க முடியாது என்று ஒரே பதில். அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் யாரோ ஒருவர் போனில் சொன்னார் என்பதற்காகக் குழந்தையை அனுப்பிவைக்கிற பள்ளியில் நானே என் மகளைச் சேர்த்திருக்க மாட்டேன். தவறு அந்தப் படிவத்தை இரண்டு வருடமாகத் திரும்பிப் பார்க்காத என்னுடையது.

நானே கிளம்பினேன். சம்பளக் கோப்பைத் தயாரிக்கப் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு முறை செய்திருக்கிறார் என்ற தைரியம். கோப்பை அவர் அழகாகத் தயாரித்து ஏற்றியும்விட்டார். அங்கேதான் நின்றது. வங்கித் தளத்தில் ஒருவர் ஏற்றினால் இன்னொருவர்தான் ஒப்புதல் தர முடியும். ஒப்புதல் தரும் உரிமை என் பெயரில் மட்டும். என் மடிக்கணினியும் கடவு எண் காட்டும் சின்னக் கருவியும் அலுவலக இழுப்பறையில் இருந்தன. கடவுச்சொல்லைப் போனில் சொல்லிவிடு, கருவியை எடுத்து நான் போட்டுக்கொள்கிறேன் என்றார் அவர். ஏற்றியவரே ஒப்புதலும் கொடுத்தால் இரண்டு பேர் பார்க்கவேண்டும் என்ற விதிக்கே பொருளில்லை. பிறகு ஏதாவது தொகை பிசகினால் மாட்டுவது இருவரும்தான். மறுத்துவிட்டேன். சம்பளம் மறுநாள் காலைதான் போனது. மாதத் தவணை திரும்பிப் போன ஒருவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

வேலையை ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பது வேறு, அதை முடிக்கும் உரிமையைக் கொடுத்துவைப்பது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாவது ஒப்புதலாளரைச் சேர்க்க விண்ணப்பம், நிர்வாகத்தின் கையெழுத்து, வங்கியின் சரிபார்ப்பு என்று ஒன்பது நாள் ஆனது. காய்ச்சல் வந்த அன்று தொடங்கி முடிகிற காரியமே இல்லை அது. உங்கள் வேலையிலும் கடைசிப் பொத்தானை யார் அழுத்துகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். அது நீங்கள் ஒருவராக மட்டும் இருந்தால், மற்றதெல்லாம் கற்றுக்கொடுத்தும் பயனில்லை.

யாரிடம் சொல்வது என்பதிலும் சொதப்பினேன். மேலாளருக்கு நான் அனுப்பிய செய்தி: “குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கிளம்புகிறேன்.” அவ்வளவுதான். மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது ஏழு அழைப்புகள். எப்போது திரும்புவாய், சம்பளம் என்னாயிற்று, மாலைக் கூட்டம் உண்டா. மூன்றரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த தணிக்கையாளரிடம் யாருமே சொல்லவில்லை. அவர் வந்து அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது செய்தியின் மாதிரி போனிலேயே தயாராக இருக்கிறது, நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்: “இன்று 11.30 முதல் இல்லை. சம்பள ஒப்புதலை இன்னார் தருவார், அவரிடம் பேசிவிட்டேன். மூன்றரை மணிச் சந்திப்பு வெள்ளிக்கு மாறுகிறது, வருகிறவரிடம் நானே சொல்லிவிட்டேன். நாளை நிலவரத்தை இரவு எட்டு மணிக்குச் சொல்கிறேன்.” பேசிவிட்டேன் என்பது உண்மையாக இருக்கவேண்டும். அதனால் முதல் அழைப்பு வேலையை ஏற்கிறவருக்கு, அடுத்தது வெளியிலிருந்து வருகிறவருக்கு, மேலாளர் மூன்றாவது. அந்தக் கடைசி வரியைப் போட்டபிறகு நடுவில் வரும் அழைப்புகள் ஏறக்குறைய நின்றேவிட்டன.

வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு பயம் காத்திருந்தது. ஒரு மணிக்கு நான் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு, அக்காவிடம் விட்டு மருந்துக் கடைக்குப் போனேன். மூன்று மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று அவர் இன்னொரு முறை கொடுத்துவிட்டார். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விடவேண்டிய மருந்து அது. மருத்துவரைக் கூப்பிட்டோம். அளவைக் கேட்டுவிட்டு, எங்கள் மகளுக்கு அதனால் ஆபத்தில்லை, அடுத்த வேளையைத் தள்ளிப் போடுங்கள் என்றார். சளி மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, சிலவற்றில் இதே மருந்து கலந்திருக்கும் என்றும் கேட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை. இப்போது மருந்துப் பாட்டிலோடு ஒரு தாள் ரப்பர் பேண்டில் சுற்றியிருக்கும். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது. எழுதாமல் மூடி திறக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அப்புறம், நாள் கணக்கு. அன்றைய எங்கள் திட்டம் ஒரு நாளுக்கானது. பள்ளி விதியோ, மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வரலாம் என்பது. செவ்வாய் தொடங்கிய காய்ச்சல் புதன் இரவு விட்டது. வியாழன் காலை குழந்தை வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள், ஆனாலும் அன்று பள்ளி கிடையாது. வெள்ளிதான் போனாள். ஆக, சமாளிக்கவேண்டியிருந்தது செவ்வாய் பாதியும் முழு இரண்டு நாளும். புதனும் வியாழனும் நானும் மனைவியும் அன்றன்று காலை ஆறரை மணிக்கு யார் விடுப்பு என்று சண்டை போட்டே கழித்தோம். இப்போது அந்தப் பேச்சு முந்தின இரவு எட்டு மணிக்கு. அவரவர் நாளில் நகர்த்தவே முடியாதது எது என்று ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். எனக்குச் சம்பள ஒப்புதல் மதியம் என்றால் காலை என்னுடையது, மதியம் அவளுடையது.

பள்ளிப் படிவத்தில் இப்போது அக்காவும் எதிர்வீட்டு அத்தையும் இருக்கிறார்கள். காய்ச்சலில்லாத ஒரு சாதாரண நாளில் ஆளுக்கு ஒருமுறை அனுப்பியும் பார்த்துவிட்டேன். அத்தையிடம் கேட்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கூட்டி வந்து தருகிறேன், ஆனால் என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள் என்றார். எனக்கு அது முன்பே தோன்றியிருக்கவேண்டும். ஆகவே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அவர் பெயருக்கு எதிரே “கூட்டி வர மட்டும்” என்று இருக்கிறது.

இந்த மாதம் மறுபடியும் போன் வந்தது. இம்முறை அக்காவே காய்ச்சலில் படுத்திருந்தார். அத்தை போனார், பதினொன்றே முக்காலுக்குக் குழந்தை வீட்டு வாசலில். நானும் அதே நேரத்துக்கு வந்துவிட்டேன். 2.20க்கு அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி: “ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.”