சாக்பீஸும் புளூ ஹவுஸும்

1982 மார்ச். டர்பன் வெயிலில் சாட்ஸ்வர்த் மைதானத்துப் புல் காய்ந்து கிடந்தது. ஸ்போர்ட்ஸ் டே அன்று புள்ளிப் பலகை என் கையில். கடைசி ரிலே முடிந்ததும் கூட்டிப் போட்டேன்: புளூ ஹவுஸ் 287, ரெட் ஹவுஸ் 254. நான் ரெட் ஹவுஸ். ஓட்டத்திலும் தாண்டலிலும் எங்களுக்கு 182, அவர்களுக்கு 170. களத்தில் ஜெயித்தவர்கள் நாங்கள், கோப்பை மட்டும் அவர்களுக்கு.

எங்கே சறுக்கியது என்று சொல்கிறேன். களப் புள்ளியில் தவறில்லை. முதல் நான்கு இடத்துக்கு 5, 3, 2, 1, ரிலேக்கு இரட்டிப்பு. ஒரு போட்டிக்கு ஒரு ஹவுஸிலிருந்து இருவர்தான் என்பதால் பெரிய ஹவுஸ், சின்ன ஹவுஸ் என்ற பேச்சே அங்கு இல்லை. வினை ‘ஸ்டாண்டர்டி’ல் இருந்தது. (அப்போது நம் ஊரில் வகுப்புக்கும் ஸ்டாண்டர்ட் என்றுதான் பெயர். ‘ஸ்டாண்டர்ட் சிக்ஸ் பையன் ஸ்டாண்டர்ட் வாங்கினான்’ என்றால் வெளியூர்க்காரர் விழிப்பார்.) விழாவுக்கு முந்தைய இரண்டு வாரம், மாலை வேளைகளில் யார் வேண்டுமானாலும் வந்து, குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்டலாம், குறித்த தூரம் தாண்டிக் காட்டலாம். தேறினால் ஹவுஸுக்கு ஒரு புள்ளி. எத்தனை போட்டியில் தேறினாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான். பதக்கம் வாங்காத பிள்ளையும் ஷூ போடட்டும் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான்.

ஆனால் ஹவுஸ் பிரித்தது குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துப்படி. ஏ முதல் எஃப் யெல்லோ, ஜி முதல் எம் கிரீன், என் முதல் ஆர் புளூ, மிச்சம் ரெட். சாட்ஸ்வர்த்தில் என் முதல் ஆர் வரை என்றால் யார் யார்? நாயுடு, நாயக்கர், படையாச்சி, பிள்ளை, பெருமாள், ரெட்டி! புளூவில் 180 பேர், ரெட்டில் 90. புளூவில் 117 பேர் தேறினார்கள், ரெட்டில் 72. அப்படியே கூட்டினால் அவர்களுக்கு 45 கூடுதல்.

மறுநாள் கணக்கு சார் என்னைக் கூப்பிட்டார். “அழுவுறத விட்டுட்டு வகுத்துப் பாருடா” என்றார். பள்ளியில் எல்லாம் ஆங்கிலம், ஆனால் திட்டுவது மட்டும் தமிழில். 117ஐ 180ஆல் வகுத்தால் 65 சதவீதம். 72ஐ 90ஆல் வகுத்தால் 80. சதவீதத்தையே புள்ளியாகப் போட்டால் ரெட் 262, புளூ 235. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முகத்தில் மாற்றமில்லை. “இன்னொன்னும் பாரு” என்றார்.

அவர் காட்டியதை இன்றைக்கும் மறக்கவில்லை. களப் புள்ளியில் முதல் ஹவுஸுக்கும் கடைசி ஹவுஸுக்கும் இடைவெளி 68. ஸ்டாண்டர்ட் புள்ளியில் பழைய முறைப்படி புளூ 117, யெல்லோ 52, இடைவெளி 65. ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ள வைத்தது சோற்றளவுக்கு வந்துவிட்டது. மொத்தம் எவ்வளவு புள்ளி கொடுக்கிறோம் என்பதில் எடை இல்லை, ஹவுஸுக்கு ஹவுஸ் எவ்வளவு விலகுகிறது என்பதில்தான் இருக்கிறது என்றார். சதவீதத்துக்கு மாற்றினால் மேலே ரெட் 80, கீழே கிரீன் 60, இடைவெளி 20. பிள்ளைகளைக் கிளப்பிவிட அது போதும், களத்தை விழுங்காது.

கோப்பை திரும்பி வரவில்லை, அது வேறு கதை. விதி மட்டும் அடுத்த ஆண்டிலிருந்து மாறியது. புதிதாகச் சேரும் பிள்ளைகளைச் சின்ன ஹவுஸில் போட்டார்கள்; இருப்பவர்களை மாற்றவில்லை, அக்காவும் தம்பியும் எதிரெதிர் ஹவுஸில் நின்றால் வீட்டில் சண்டை வரும் அல்லவா.

சதவீதத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. பின்னத்தில் மேலே இருப்பதைக் கூட்ட முடியாவிட்டால் கீழே இருப்பதைக் குறைக்கலாம். 1983 பிப்ரவரியில் திடீரென்று டாக்டர் கடிதங்கள் குவிந்தன. உடம்பு முடியாதவர்களைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்; சோம்பேறிகள் எல்லோருக்கும் ஆஸ்துமா வந்துவிட்டது. அதில் எங்கள் ஹவுஸ் பையன்களும் இருந்தார்கள், ஒளிப்பானேன். பிறகு, ஸ்டாண்டர்ட் தொடங்குவதற்கு முன்பே பெயர்ப் பட்டியலை மூடினார்கள். அதற்குப் பின் வந்த கடிதம் செல்லாது.

அந்த வருடம் புளூ ஹவுஸ் கேப்டன் அக்கா மாலை தவறாமல் வாசலில் நிற்பார். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை மடக்கி, “பஸ்ஸுக்கு ஓடுற ஓட்டத்த அங்க ஓடு, ஆயா” என்று மைதானத்துக்குத் திருப்புவார். 180 பேரில் 148 பேர் தேறினார்கள். 82 சதவீதம். நாங்கள் 79. களத்திலும் அவர்களே முந்தினார்கள். வகுத்துப் பார்த்தேன், இரண்டாம் முறையும் வகுத்துப் பார்த்தேன். அதே 82. புளூ என்று பலகையில் முதலிடத்தில் எழுதியது நான்தான். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.