இஞ்ச் பேரிங் தேடி சேலத்திலிருந்து பிராட்வே வரை

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற நேரத்தில், பழத்தோல் நீக்கும் பல்பர் மெஷின் நின்றால் காத்திருக்க முடியாது. அன்று பறித்ததை அன்றே தோல் நீக்காவிட்டால் பழம் புளிக்கத் தொடங்கிவிடும். பழைய இங்கிலாந்து மெஷின் என்றால் ஷாஃப்ட் பேரிங் மி.மீ. அளவில் இருக்காது. இஞ்ச் அளவில் இருக்கும். அலைச்சல் எல்லாம் அதனால்தான்.

கடையில் "பல்பர் பேரிங் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பேரிங் கடைக்காரருக்கு மெஷின் பெயர் தேவையில்லை, நம்பர்தான் தேவை. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தின் பக்கவாட்டில் பாருங்கள். நம்பர் தேய்ந்திருந்தால் வெர்னியரில் அளக்க வேண்டும். உள் விட்டத்தை டேப்பில் அளந்தால் 25 மி.மீ. என்றே தோன்றும். வெர்னியர் 25.4 காட்டும், அதாவது சரியாக ஒரு இஞ்ச். வெளி விட்டம் 57.15, அகலம் 15.88 என்று வந்தால் அதன் நம்பர் ஆர்.எல்.எஸ். 8. சில கம்பெனிகள் இதையே எல்.ஜே. 1 என்றும், எல்.எஸ். 10 என்றும் அடிக்கின்றன. மூன்றையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சேலத்தில் பல கவுன்டர்களில் "இதே சைஸ்தான்" என்று 6205-ஐ எடுத்து வைப்பார்கள். அதன் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. ஷாஃப்டில் ஏறாமல் வாயிலேயே நிற்கும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் உள் வளையம் விரியும், இல்லையென்றால் வெடிக்கும். ஷாஃப்டை லேத்தில் 25-க்குக் கடைந்து, ஹவுசிங்குக்குள் ஸ்லீவ் போட்டுத் தருகிற பட்டறைகளும் உண்டு. அப்போதைக்கு சீசனைச் சமாளித்துவிடலாம். ஆனால் பிறகு அசல் பேரிங் கிடைத்தாலும் அந்த ஷாஃப்டில் இறுகி உட்காராது.

கிடைக்கவில்லை என்றால் அதே கடையில் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "இஞ்ச் சைஸ் ஸ்டாக் யார் வச்சிருக்காங்கண்ணே?" பெரும்பாலும் சென்னை பிராட்வே பக்கம், லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு என்று பதில் வரும். நேரில் போகிறவர்கள் ஞாயிறைத் தவிர்த்து, பழைய பேரிங்கோடு போங்கள். ஒரு கடையில் இல்லை என்றால் எந்தக் கடையில் இருக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். ஆனால் ஒன்றிரண்டு பேரிங்குக்காக ரயில் ஏறுவதைவிட, சேலம் கடைக்காரரையே அவருடைய மொத்த ஆர்டரோடு சேர்த்து வரவழைக்கச் சொல்வதே எங்கள் வழி. விலை கொஞ்சம் கூடும். தப்பான அளவு வந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

ஆர்டர் சொல்லும்போது மூடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல்பரில் எப்போதும் தண்ணீர் தெறிக்கும், அதனால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, அதாவது 2ஆர்.எஸ். வேண்டும். இசட் இசட் என்றால் தகர மூடி, அதில் தண்ணீர் புகுந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் கவரைப் பிரித்து வெர்னியர் வையுங்கள். உள் வளையத்தை விரலில் மாட்டி வெளி வளையத்தைச் சுழற்றினால் கிரீஸின் இறுக்கம் மட்டும் தெரிய வேண்டும். நறநறவென்றால் வேண்டாம். பெட்டியில் உள்ள நம்பரும் வளையத்தில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பில்லிலும் அந்த நம்பரையே எழுதி வாங்குங்கள். ஷாஃப்டின் இரண்டு முனைக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.