நாப்சாக் அட்டவணையும் மேல் வரிசையும்

சின்னக் கணக்குகளின் விடைகளை வைத்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங் பழக, அட்கோடர் என்ற நிரலாக்கப் போட்டித் தளத்தில் 2019 ஜனவரியில் நடந்த பயிற்சிப் போட்டியின் கணக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். A முதல் Z வரை 26 கணக்குகள். அதில் D-தான் நாப்சாக். N பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, ஒரு மதிப்பு. பை W எடை வரைதான் தாங்கும். ஒரு பொருளை எடுக்கலாம் அல்லது விடலாம்; பாதியாக வெட்டவும் கூடாது, அதையே இரண்டு தடவை எடுக்கவும் கூடாது. பையில் சேரும் மொத்த மதிப்பு அதிகபட்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கணக்கோடு கொடுத்திருந்த முதல் உதாரணம் சின்னது. பையின் கொள்ளளவு 8. மூன்று பொருள்கள்: எடை 3 மதிப்பு 30, எடை 4 மதிப்பு 50, எடை 5 மதிப்பு 60. எடைக்கு அதிக மதிப்பு தருவதை முதலில் எடுப்போம் என்று யாருக்கும் தோன்றும். அப்படிப் பார்த்தால் இரண்டாம் பொருள்தான் முன்னால் நிற்கிறது, ஓர் அலகு எடைக்கு 12.5. அதைப் போட்டதும் பையில் 4 மீதி. மூன்றாம் பொருள் அதில் நுழையாது, முதல் பொருள் நுழையும். மொத்தம் 80. ஆனால் சரியான விடை 90, அதாவது முதலும் மூன்றும். பையில் வீணாகும் இடத்தை இந்த விகிதக் கணக்கு பார்ப்பதே இல்லை. எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம் என்றால், N 100 வரை போகும் என்று போட்டிருந்தது. 2^100 சேர்க்கைகள், அது நடக்காது.

விடைகளை ஓர் அட்டவணையில் நிரப்பிக்கொண்டே போவதுதான் வழி. ஒரு கட்டத்தை முந்தைய கட்டங்களிலிருந்து கணக்கிடும் சூத்திரமான ரிகரன்ஸை எழுதுவதற்கு முன்னால், அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். f[i][c] என்றால், முதல் i பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, c எடைக்கு மேல் போகாமல் சேர்க்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு. இதில் 'மேல் போகாமல்' என்ற சொற்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. பை நிரம்பியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால்தான் பொருளே இல்லாத 0-ஆம் வரிசை முழுக்க 0 என்று தைரியமாக எழுத முடிகிறது.

வாக்கியம் தெளிவானதும் ரிகரன்ஸ் தானாக வந்தது. i-ஆம் பொருளை விட்டால், அதற்கு முந்தைய பொருள்கள் அதே c-க்குள் என்ன கொடுத்தனவோ அதுதான் விடை. எடுத்தால் அதன் எடை w போக மீதி இடம் c - w. அந்த இடத்தில் முந்தைய பொருள்கள் என்ன கொடுத்தனவோ, அதோடு இந்தப் பொருளின் மதிப்பு v சேரும். இரண்டில் பெரியதை வைத்துக்கொள்கிறோம்.

```
f[i][c] = max(f[i-1][c], f[i-1][c-w] + v)
```

பொருளின் எடை c-யை விட அதிகமாக இருந்தால் இரண்டாவது வழி கிடையாது, மேலே உள்ளதை அப்படியே இறக்கிவிட வேண்டியதுதான்.

இந்தச் சூத்திரத்தில் நான் கவனித்தது, வலது பக்கத்தில் இரண்டு இடத்திலும் i-1 இருப்பதைத்தான். ஒரு வரிசையை நிரப்ப அதற்கு நேர்மேலே இருக்கும் வரிசை மட்டும் போதும். தன் வரிசையில் உள்ள எந்தக் கட்டத்தையும் பார்க்கக் கூடாது. மேல் வரிசையில் i-ஆம் பொருள் இன்னும் வரவே இல்லை. ஆகவே அதோடு v-யைக் கூட்டினால் அந்தப் பொருள் சரியாக ஒரு தடவைதான் சேர்ந்திருக்கும். 'ஒன்றுதான் எடுக்கலாம்' என்ற நிபந்தனையைச் சோதிக்கத் தனியாக ஒரு வரி எழுதவில்லை, இந்த i-1 அதைப் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் கட்டம் போட்ட நோட்டில் கையாலேயே நிரப்பினேன். மேலே 0 முதல் 8 வரை கொள்ளளவு, இடது பக்கம் பொருள்கள்.

```
c:     0  1  2  3  4  5  6  7  8
i=0    0  0  0  0  0  0  0  0  0
i=1    0  0  0 30 30 30 30 30 30
i=2    0  0  0 30 50 50 50 80 80
i=3    0  0  0 30 50 60 60 80 90
```

முதல் வரிசையில் 8-ஆம் கட்டத்திலும் 30தான் இருக்கிறது. பையில் 5 அலகு இடம் காலியாகவே கிடக்கிறது, அதனால் தப்பில்லை. இரண்டாம் வரிசையில் பார்க்க வேண்டிய இடம் 7. விட்டால் 30; எடுத்தால் மேல் வரிசையில் 7 - 4 = 3-ஆம் கட்டத்தின் 30, அதோடு 50, ஆக 80. கடைசி வரிசையின் 7-ஆம் கட்டத்தில் மூன்றாம் பொருள் தோற்றுப்போகிறது: எடுத்தால் மேலே 2-ஆம் கட்டத்தின் 0 + 60, விட்டால் 80. அடுத்த கட்டத்திலேயே அது ஜெயிக்கிறது: மேலே 3-ஆம் கட்டத்தின் 30 + 60 = 90, விட்டால் 80. விடை அந்த வலது கீழ் மூலையில் இருக்கிறது.

இதைப் பைத்தானில் எழுத அதிக வேலை இல்லை.

```python
n, W = map(int, input().split())
items = [tuple(map(int, input().split())) for _ in range(n)]

f = [[0] * (W + 1) for _ in range(n + 1)]
for i in range(1, n + 1):
    w, v = items[i - 1]
    for c in range(W + 1):
        f[i][c] = f[i - 1][c]
        if c >= w:
            f[i][c] = max(f[i][c], f[i - 1][c - w] + v)
print(f[n][W])
```

உதாரணத்துக்கு 90 வந்தது. என்னோடு சேர்ந்து பழகிக்கொண்டிருந்த நண்பனின் நிரலில் மட்டும் 100 வந்தது. "ரிகரன்ஸ் உன்னோடதேதான்டா, ஒரு எழுத்துகூட மாறல" என்றான். பார்த்தால் உண்மையிலேயே லூப் இரண்டும் ஒன்றுதான். 100 எப்படி வரும் என்று யோசித்தோம். இருப்பவை 30, 50, 60. இவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல் 100 கிடைக்கவே வழி இல்லை. 50-ஐ இரண்டு தடவை எடுத்தால்தான் வரும், எடையும் 4 + 4 = 8 என்று பொருந்துகிறது. ஆக, எங்கோ ஒரு கட்டம் மேல் வரிசைக்குப் பதிலாகத் தன் வரிசையையே பார்த்திருக்கிறது.

"முழு அட்டவணையையும் பிரின்ட் பண்ணு" என்றேன். நான்கு வரிசையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. 0 மட்டுமே இருக்க வேண்டிய 0-ஆம் வரிசையிலும் 30, 50, 100 எல்லாம் உட்கார்ந்திருந்தன. அட்டவணையை அவன் இப்படி உருவாக்கியிருந்தான்:

```python
f = [[0] * (W + 1)] * (n + 1)
```

பைத்தானில் இது நான்கு வரிசைகளை உண்டாக்காது. ஒரே வரிசையை உண்டாக்கி, அதையே நான்கு இடத்திலிருந்து சுட்டும். f[i] என்றாலும் f[i-1] என்றாலும் ஒரே பட்டியல். i-1 என்று எவ்வளவு கவனமாக எழுதினாலும் பார்ப்பது இப்போது நிரம்பிக்கொண்டிருக்கும் வரிசையைத்தான். 4-ஆம் கட்டத்தில் 50 விழுந்த பிறகு 8-ஆம் கட்டம் அந்த 50-ஐப் பார்த்து இன்னொரு 50-ஐச் சேர்த்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரு பொருளை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வேறொரு நாப்சாக் கணக்குக்கு அந்த நிரல் சரியான விடையைத் தரும்.

மேல் வரிசை மட்டும் போதும் என்பது நினைவக விஷயத்திலும் வந்து நின்றது. D-யில் W 1,00,000 வரை போகலாம், N 100. ஆக ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டங்கள். பைத்தான் பட்டியலில் ஒரு கட்டத்துக்குச் சுட்டி மட்டுமே 8 பைட், எண்களுக்கான இடம் தனி. மேல் வரிசை மட்டும்தான் தேவை என்றால் முழு அட்டவணையை ஏன் வைத்திருக்க வேண்டும்? ஒரே வரிசையை வைத்துக்கொண்டு, அதன்மேலேயே எழுதலாம். ஆனால் வலமிருந்து இடமாக நிரப்ப வேண்டும்.

```python
f = [0] * (W + 1)
for w, v in items:
    for c in range(W, w - 1, -1):
        f[c] = max(f[c], f[c - w] + v)
```

நாம் பார்க்கும் c - w எப்போதும் c-க்கு இடது பக்கம் இருக்கிறது. பெரிய c-யிலிருந்து இறங்கி வந்தால் அந்த இடது பக்கம் இன்னும் தொடப்படாமல் இருக்கும், அதாவது அதில் இருப்பது மேல் வரிசையின் எண்ணேதான். இடமிருந்து வலமாகப் போனால் நண்பனின் 100 திரும்பி வரும். அதை வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன், வந்தது. சி++ எழுதுகிறவர்களுக்கு இங்கே வேறொரு தொல்லை உண்டு. ஒரு பொருளின் மதிப்பு 100 கோடி வரை இருக்கலாம் என்பதால் சாதாரண int தாங்காது, long long வேண்டும். இரண்டாம் உதாரணத்தின் விடையே 500 கோடி. வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு கோடிச் சுற்றுகள் வெறும் பைத்தானுக்குக் கனம். பைத்தான் நிரலை வேகமாக ஓட்டும் PyPy-யில் ஓட்டினால் சிரமமில்லை.

ஒற்றை வரிசையில் ஒன்றை இழக்கிறோம்: எந்தெந்தப் பொருள்களை எடுத்தோம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. முழு அட்டவணை இருந்தால் கீழ் மூலையிலிருந்து மேலே ஏறிப் பார்க்கலாம். 90-க்கு நேர்மேலே 80 இருக்கிறது, எண் மாறியிருப்பதால் மூன்றாம் பொருள் எடுக்கப்பட்டது; கொள்ளளவு 8 - 5 = 3 ஆகிறது. இரண்டாம் வரிசையில் 3-ஆம் கட்டம் 30, அதற்கு மேலேயும் 30, ஆகவே இரண்டாம் பொருள் தேவைப்படவில்லை. முதல் வரிசையில் 30, அதன் மேலே 0, ஆக முதல் பொருள் உண்டு. எடுத்தாலும் விட்டாலும் ஒரே மதிப்பு வரும் இடங்களிலும் இந்த முறை 'விட்டோம்' என்றே சொல்லும். வேறு சரியான தேர்வுகளும் இருக்கலாம், இது ஒன்றைத்தான் காட்டும்.

அடுத்த கணக்கு E-யும் இதே நாப்சாக்தான். ஆனால் W 100 கோடி வரை போகிறது. அந்த அகலத்துக்கு ஒரு வரிசைகூடப் போட முடியாது. அட்டவணையின் அகலம் கொள்ளளவின் எண்ணளவைப் பொறுத்தது என்பது இந்த முறையின் வரம்பு. எடைகள் முழு எண்களாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து வருவதுதான், ஏனென்றால் எடை இங்கே கட்டத்தின் எண்ணாகப் பயன்படுகிறது. E-யில் கைகொடுப்பது மதிப்பு: ஒரு பொருளுக்கு 1,000-க்கு மேல் இல்லை, 100 பொருள் சேர்ந்தாலும் 1,00,000தான். ஆகவே நெடுவரிசைகளை மதிப்புக்கு மாற்றினேன். g[i][x] என்றால் முதல் i பொருள்களிலிருந்து சரியாக x மதிப்பைச் சேர்க்கத் தேவையான குறைந்தபட்ச எடை. 'சரியாக' என்று வந்துவிட்டதால் 0-ஆம் வரிசை முழுக்க 0 போட முடியாது; x = 0-க்கு மட்டும் 0, மற்றதெல்லாம் முடிவிலி. max இருந்த இடத்தில் min வருகிறது, மேல் வரிசையை மட்டும் பார்ப்பது மாறவில்லை.

சோதிக்க D-யின் அதே மூன்று பொருள்களையே கொடுத்தேன். கடைசி வரிசையில் 80-க்கு எடை 7, 90-க்கு 8, 110-க்கு 9, 140-க்கு 12. பை தாங்குவது 8. அதைத் தாண்டாத கட்டங்களில் வலது ஓரமாக இருப்பது 90.