நரிக்குட்டிக்கு ரோமம் வைத்த கதை

கார்ட்டூன் விலங்குக்கு ரோமம் வைக்க உட்காரும் யாரும் முதலில் கை வைப்பது எண்ணிக்கையில்தான். முடி போதவில்லையா, கூட்டு. இன்னும் போதவில்லையா, இன்னும் கூட்டு. கணினி இறுதிப் படத்தை உருவாக்கும் ரெண்டர் நேரம் இரட்டிப்பாகும், ஆனால் விலங்கு அப்படியே மொழுக்கென்று நிற்கும். கணினி விலங்குகளின் ரோமத்தைச் சீவி வடிவமைக்கும் குரூமிங் வேலையில் இருக்கும் எனக்கு அடிக்கடி வந்து சேரும் பிரச்சினை இதுதான். ஒரு நரிக்குட்டியை வைத்து இதைச் சொல்கிறேன்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் பார்ட்டிகிள் ஹேர் முறையில் செய்திருந்த குட்டி அது. காட்சியில் அதன் உயரம் சுமார் ஒரு மீட்டர். ரோமம் ஏற்கெனவே வைக்கப்பட்டு, ஃபைல் என் கைக்கு வந்தது. ரிவ்யூவில் எழுதியிருந்த குறிப்பு ஒரே வரி: "பஞ்சு பொம்மை மாதிரி இருக்கு, குட்டி எங்கே?" திறந்து பார்த்தால் உடம்பில் 20,000 கைடு முடி, ஒவ்வொன்றுக்கும் 10 சைல்டு முடி. மொத்தம் இரண்டு லட்சம். குறைச்சல் என்று சொல்லவே முடியாது.

இந்த முறையில் முடி இரண்டு அடுக்காக வளரும். நாம் சீவி, வெட்டி, திசை கொடுப்பது கைடு முடியை. அவற்றுக்கு நடுவே மென்பொருள் தானாக நிரப்புவது சைல்டு முடி. `Clump` மதிப்பைக் கூட்டினால் சைல்டு முடியின் நுனிகள் தங்கள் கைடு முடியை நோக்கி இழுபட்டு ஒரு கற்றையாகச் சேரும். அதாவது, ஒரு கைடுக்கு ஒரு கற்றை. உடம்பில் எத்தனை கற்றை தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைடு எண்ணிக்கைதான். மொத்த முடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நரிக்குட்டியின் பரப்பு ஏறக்குறைய 6,000 சதுர சென்டிமீட்டர். அதில் 20,000 கைடு என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.3 சதுர செ.மீ. இடம், ஒரு கற்றையின் அகலம் அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உடம்பு ரோமத்தின் நீளமோ 4 செ.மீ. இவ்வளவு ஒல்லியான கற்றைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பத்தடி தள்ளி நிற்கும் கேமராவுக்கு அது வெறும் மென்மையான மேற்பரப்பு. `Clump` ஐ எவ்வளவு ஏற்றினாலும் பலன் வராததற்குக் காரணம் அதுதான்.

கைடை 2,500 ஆக்கி, சைல்டை 80 ஆக்கினேன். மொத்தம் அதே இரண்டு லட்சம். ஆனால் இப்போது ஒரு கற்றையின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர், நீளம் நான்கு. முதுகின் ஓரக்கோட்டில் கூரான நுனிகள் தனித்தனியாக எழுந்து தெரிய ஆரம்பித்தன. கார்ட்டூன் விலங்குக்கு அந்த ஓரக்கோடுதான் முக்கியம். பார்ப்பவர் ரோமம் என்று உணர்வது அங்கேதான், உள்ளே இருக்கும் முடியை யாரும் எண்ணுவதில்லை. கற்றையின் அகலத்தைப் போல நீளம் இரண்டரை மூன்று மடங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் கைக்கணக்கு. எந்தக் கையேட்டிலும் இருக்கும் விதி இல்லை. பாத்திரத்தின் வரைபடத்தில் ஓவியர் எவ்வளவு பெரிய முக்கோணங்களாக ரோமத்தைப் போட்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

அடுத்த ரிவ்யூவில் வேறு குறை. "இப்ப குளிச்சிட்டு வந்து நிக்குது" என்றார் எங்கள் குழுவின் லீட். சரியாகத்தான் சொன்னார். நிஜத்திலேயே ரோமம் நனைந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசையால் நுனிகள் ஒட்டிக்கொள்ளும், கற்றைகளுக்கு நடுவே தோல் தெரியும். அதனால் கற்றை மிகையானால் கண் உடனே ஈரம் என்று முடிவு கட்டிவிடும். `Clump` 0.8, `Shape` பூஜ்யம் என்று இருந்தது. ஷேப் பூஜ்யத்தில் இருக்கும்போது இழுப்பு வேரிலிருந்து நுனிவரை சீராகக் கூடிக்கொண்டே போகும். பாதி உயரத்திலேயே முடி 40 சதவீதம் கைடு பக்கம் சாய்ந்துவிடும், வேர்ப் பகுதி வெளியே தெரிந்துவிடும்.

பலர் இங்கே `Clump` ஐக் குறைப்பார்கள். குறைத்தால் நுனியும் மழுங்கி, பழைய பஞ்சு திரும்பி வரும். நான் அதை விட்டுவிட்டு `Shape` ஐ 0.3க்கு ஏற்றினேன். அப்போது பாதி உயரத்தில் இழுப்பு ஏறக்குறைய 6 சதவீதம்தான், மீதி எல்லாம் மேல் பகுதியில் நடக்கும். அடியில் ரோமம் அடர்த்தியாகவே நிற்கும், நுனி மட்டும் கூராகச் சேரும். உலர்ந்த ரோமத்தின் தோற்றம் இதுதான். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் அதே இடத்தில் உள்ள கர்வை இயக்கி, வேரிலிருந்து நுனிவரை இழுப்பைக் கையாலேயே வரையலாம். எனக்கு அது வாலுக்கு மட்டும் தேவைப்பட்டது.

கற்றைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தாலும் செயற்கையாகத் தெரியும். `Clump Noise` இதற்கு உதவும், ஒவ்வொரு கைடைச் சுற்றியும் சிறு கற்றைகளை ஒழுங்கில்லாமல் பிரிக்கும். ஆனால் அளவோடு. குட்டி என்பதால் கொஞ்சம் கலைந்திருக்கலாம், நோஞ்சானாகத் தெரியக் கூடாது.

நீள விஷயத்துக்கு வருகிறேன். முகத்தில் 0.8 செ.மீ., உடம்பில் 4, கன்னத்து ஓரங்களில் 7, வாலில் 12 என்று வரைபடத்திலிருந்து அளந்து எடுத்தோம். இவற்றை ஒரே பார்ட்டிகிள் சிஸ்டத்தில், இடத்துக்கு இடம் அளவைப் பெயிண்ட் அடித்துக் குறிக்கும் வெயிட் பெயிண்ட் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் கற்றையின் அகலம் நீளத்தோடு சேர்ந்து மாற வேண்டும் என்று வந்தபிறகு ஒரே கைடு இடைவெளி எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. அதனால் முகம், உடம்பு, வால் மூன்றையும் தனித்தனி சிஸ்டமாகப் பிரித்தேன். வாலுக்கு 120 கைடே போதுமானதாக இருந்தது. இத்தனை குறைவா என்று அனிமேட்டர் சந்தேகப்பட்டார், ஆனால் ஒவ்வொரு கற்றையையும் கையால் சீவி வளைக்க அதுதான் வசதி. முகத்தில் கற்றையே வேண்டாம், அரை மில்லிமீட்டர் கூர் முனை கண்ணருகே எழுந்தாலும் பாவனை கெட்டுப்போகும். அங்கே கைடுகள் திசை காட்ட மட்டும்.

பிரித்ததில் இன்னொரு லாபமும் உண்டு. இன்டர்போலேட் முறையில் சைல்டு முடி பக்கத்தில் உள்ள கைடுகளின் திசைகளைச் சராசரியாக்கிக்கொள்ளும். கன்னத்து ரோமம் பின்னோக்கிப் போகும், தாடை ரோமம் கீழ்நோக்கிப் போகும். எல்லைக் கோட்டில் மாட்டிக்கொண்ட சைல்டு முடி இரண்டில் எந்தப் பக்கமும் படியாமல், நடுவே ஒரு திசையில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் உதடு, கீழ் உதடு, காதின் முன்புறம், பின்புறம் என்று எதிரெதிர் திசைகள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் இந்தத் தொல்லை வரும். எவ்வளவு சீவினாலும் போகாத ஒரு வரிசை முடி தெரிந்தால், சீப்பைக் கீழே வைத்துவிட்டு சிஸ்டத்தை அங்கே வெட்டிப் பிரிப்பதுதான் வழி.

உடம்பு ரோமம் முழுக்க ஒரே நீளமாக இருந்தால் தறித்த புல்வெளி ஆகிவிடும். சைல்டு பகுதியில் இருக்கும் `Length` ஐ 0.6க்கும் `Threshold` ஐ 0.3க்கும் வைத்தேன். சைல்டு முடிகள் 60 சதவீத நீளத்துக்குக் குறையும், அவற்றில் 30 சதவீதம் மட்டும் குறையாமல் முழு நீளத்தில் நிற்கும். நிஜ நரிக்கும் அடியில் குட்டையான மென்ரோமமும் மேலே நீண்ட காப்பு ரோமமும் உண்டல்லவா, அந்த இரண்டு அடுக்கு எளிதாகக் கிடைத்துவிடும். கற்றைகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியையும் அந்தக் குட்டை முடி கொஞ்சம் மூடும்.

அடர்த்தியைக் கடைசியாகத்தான் தொட்டேன். அதில் ஒரு பொறி இருக்கிறது. `Number` என்பது மொத்த எண்ணிக்கை. எந்த இடத்தில் எவ்வளவு என்று குறிக்கும் வெர்டெக்ஸ் குரூப்பை அடர்த்திக்குக் கொடுத்து, அதில் ஓர் இடத்தை அழித்தால் அங்கிருந்த முடி காணாமல் போகாது, மற்ற இடங்களுக்குப் போய்ச் சேரும். உடம்பு சிஸ்டத்திலிருந்து முகம், வால், பாதங்களை விலக்கியபோது பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 2,500 கைடும் மிச்சமுள்ள 3,600 சதுர செ.மீ.க்குள் அடைந்தன. இடைவெளி ஒன்றரையிலிருந்து 1.2 செ.மீ. ஆனது, கற்றைகள் மறுபடி ஒல்லியாகின. எண்ணிக்கையை 1,500க்கு இறக்கியதும் பழைய இடைவெளி வந்துவிட்டது. "வயிற்றில் ஒரு சின்ன இடத்தை அழித்தேன், முதுகு ஏன் மாறியது?" என்று புதியவர்கள் கேட்பார்கள். காரணம் இதுதான்.

இன்னொன்று, அடர்த்தி எடையை மென்பொருள், உடம்பின் மெஷ் வலையில் உள்ள ஒவ்வொரு கட்டமான பாலிகன் வாரியாகச் சராசரி எடுத்துப் பார்க்கிறது. கண்ணைச் சுற்றிப் பாலிகன்கள் பெரிதாக இருந்தால், எவ்வளவு மென்மையாகப் பெயிண்ட் அடித்தாலும் எல்லை படிப்படியாக, கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே மெஷ்ஷைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கூடுதல் லூப் வேண்டும். அதையும் சீவ ஆரம்பிக்கும் முன்பே மாடலரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். சீவிய பிறகு மெஷ்ஷை வெட்டினால் முடிகளின் வேர் இடம் மாறி, அத்தனை வேலையும் குழம்பிவிடும். அப்புறம் ஆப்ஜெக்ட்டின் ஸ்கேலை அப்ளை செய்துவிட்டுத்தான் முதல் முடியையே போட வேண்டும். இதை எல்லோரும் அறிவார்கள், இருந்தும் அப்ளை செய்யாத ஃபைல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

திரையில் பார்த்து அடர்த்தியை முடிவு செய்யாதீர்கள் என்று எங்கள் குழுவில் புதிதாக வந்த தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். வேலை செய்யும் திரையான வியூபோர்ட்டில் காட்டும் சைல்டு எண்ணிக்கை வேறு, ரெண்டரில் வருவது வேறு. இயல்பாகவே முன்னது 10, பின்னது 100. வியூபோர்ட்டில் வழுக்கையாகத் தெரிவது ரெண்டரில் நிரம்பியிருக்கும்.

குட்டி தூரத்தில் ஓடும் ஒரு ஷாட்டில் ரோமம் மினுமினுத்துக்கொண்டே இருந்தது. ஒரு முடியின் தடிமன் ஒரு பிக்சலை விடக் குறைவாகப் போனால், ஃபிரேமுக்கு ஃபிரேம் அது தெரிவதும் மறைவதுமாக இருக்கும். ரெண்டரில் ஒரு பிக்சலுக்குக் கணக்கிடும் சாம்பிளைக் கூட்டினால் தணியும், நேரமோ எகிறும். அந்த ஷாட்டுக்கு மட்டும் சைல்டை 80லிருந்து 20 ஆக்கி, முடியின் தடிமனை நான்கு மடங்கு ஏற்றினோம். எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கு, தடிமனில் நான்கு மடங்கு என்பதால் மூடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். கைடு 1,500ஐத் தொடவில்லை. அதனால் கற்றைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, குளோசப் ஷாட்டிலிருந்து தூர ஷாட்டுக்கு வெட்டும்போது ஓரக்கோடும் மாறவில்லை.